வா தாத்தா, உட்காரு!



எனக்கு அப்போது 8 வயது. இதே த்ரீ கிங்ஸில், பிக் கிங் குன்று தெரியும் ஒரு வீட்டில் நாங்கள் இருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெளியே வெள்ளை வேட்டியும் கம்பளிச் சட்டையும் போட்ட ஒரு பெரியவர் நின்றார். பின்னால் அப்பா பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். வந்தவர் என் அம்மாவின் பெரியப்பா. எனக்குப் பெரிய தாத்தா. தஞ்சாவூரிலிருந்து முதன்முறையாக எங்களைப் பார்க்க வந்திருந்தார்.

அம்மா எனக்கு ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தார். "தாத்தாகிட்ட இங்கிலீஷ்ல பேசாத. தமிழ்ல பேசு." நானும் தயாராக இருந்தேன். நான்கு வாக்கியங்களை மூச்சு விடாமல் சொன்னேன்.

"வா தாத்தா! உட்காரு! என்ன குடிக்கிற? எத்தனை நாள் இருப்ப?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பெரிய தாத்தா மட்டும் சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லாத் தமிழ் பேசுறியே!" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு வாக்கியங்களும் தமிழ்தானே? ஒரு சொல்கூட ஆங்கிலம் இல்லையே?

இரவு படுக்கும்போது அம்மா கேட்டார்: "பெரியவங்களை வா, உட்காருன்னு சொல்லலாமா? யார் உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். "நீதாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது சரிதான். காலையில் எழுந்ததிலிருந்து அம்மா என்னிடம் என்ன சொல்வார்? "இங்க வா." "உட்காரு." "பால் குடி." "எங்க போற?" தஞ்சாவூரில் வளரும் பையன், தன் அம்மா தாத்தாவிடம் பேசுவதைக் கேட்பான். பக்கத்து வீட்டு மாமாவிடமும் கடைக்காரரிடமும் பேசுவதைக் கேட்பான். எங்கள் வீட்டில் தமிழ் பேசுவதற்கு நாங்கள் மூன்று பேர்தான். என் காதில் விழுந்த தமிழ் எல்லாம் ஒரு சின்னப் பையனிடம் பேசும் தமிழ். அதையே நான் 70 வயதுப் பெரியவரிடம் திருப்பிச் சொன்னேன்.

உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் உங்களிடம் பேசும் வினைச்சொல் உங்களுக்கான வினைச்சொல். பெரியவர்களிடம் அதைச் சொல்லும்போது அதன் வாலை மாற்ற வேண்டும்.

வாலைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் தாத்தாவை அழைத்தாலும் பூனையை அழைத்தாலும் 'கம்' என்ற ஒரே சொல் போதும். தமிழில் அப்படி இல்லை. நாம் யாரிடம் பேசுகிறோம் என்பது வினைச்சொல்லின் கடைசியில் தெரியும். அந்தக் கடைசிப் பகுதியை இலக்கணத்தில் 'விகுதி' என்பார்கள். நாம் இங்கே 'வால்' என்றே சொல்லலாம்.

மறுநாள் காலை அம்மா எனக்கு ஒரு பாடம் நடத்தினார். "தாத்தாவை நீன்னு சொல்லக்கூடாது. நீங்கன்னு சொல்லணும்." சரி என்று தலையாட்டினேன். காலைச் சாப்பாட்டுக்குத் தாத்தா வந்ததும் பெருமையாகச் சொன்னேன்:

"தாத்தா, நீங்க உட்காரு!"

இந்த முறை அம்மாவும் சிரித்துவிட்டார்.

நான் தலையை மாற்றினேன். வாலை மாற்றவில்லை. 'நீ' என்றால் 'உட்காரு'. 'நீங்க' என்றால் 'உட்காருங்க'. இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். நான் இப்போது கணினி நிரல் எழுதும் வேலை செய்கிறேன். நிரலில் ஒரு பெயரை ஓர் இடத்தில் மாற்றி, இன்னோர் இடத்தில் மாற்ற மறந்தால், பல நேரம் அது ஓடாமல் நின்றுவிடும். தமிழ் நின்றுவிடாது. "நீங்க உட்காரு" என்றாலும் தாத்தாவுக்குப் புரியும். ஆனால் கேட்பவரின் காதில் அது நொண்டும்.

இரண்டில் எது முக்கியம் தெரியுமா? வால்தான். தமிழில் 'நீ', 'நீங்க' என்ற சொற்களைப் பல நேரம் விட்டுவிடுகிறோம். "எப்ப வந்தீங்க?" என்று மட்டும் கேட்டால் போதும். அதில் 'நீங்க' இல்லை. ஆனாலும் மரியாதை இருக்கிறது. அது வாலில் இருக்கிறது. என் முதல் நான்கு வாக்கியங்களிலும் 'நீ' என்ற சொல்லே இல்லை, பார்த்தீர்களா? வால்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அந்த நான்கையும் இப்போது சரிசெய்வோம். முதலில் பேச்சுத் தமிழ், அடுத்து எழுத்துத் தமிழ்.

வா → வாங்க → வாருங்கள்
உட்காரு → உட்காருங்க → உட்காருங்கள்
என்ன குடிக்கிற? → என்ன குடிக்கிறீங்க? → என்ன குடிக்கிறீர்கள்?
எத்தனை நாள் இருப்ப? → எத்தனை நாள் இருப்பீங்க? → எத்தனை நாள் இருப்பீர்கள்?

முதல் இரண்டும் ஒருவரை ஒன்று செய்யச் சொல்பவை. அவற்றுக்குப் பேச்சில் 'ங்க' என்ற வால் வரும். அடுத்த இரண்டும் கேள்விகள். அவற்றுக்கு 'ஈங்க' என்ற வால் வரும். நேற்று நடந்ததைக் கேட்டாலும் அதே வால்தான்: "தூங்கினீங்களா?", "சாப்பிட்டீங்களா?" வேண்டாம் என்று சொல்லும்போதும் அதே வால்தான்: "போகாத" என்பது "போகாதீங்க" ஆகும்.

மாறாத வால்

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். தாத்தாவிடம் "உனக்குக் காப்பி வேணுமா?" என்று கேட்டேன். அம்மா முறைத்தார். உடனே வாலை மாற்றப் பார்த்தேன். "வேணும்... வேணுமீங்களா?" அப்படி ஒரு சொல்லே இல்லை!

வேண்டும், பிடிக்கும், தெரியும், முடியும் போன்ற சொற்களின் வால் ஆளுக்கு ஏற்ப மாறாது. 'எனக்குத் தெரியும்', 'உனக்குத் தெரியும்', 'உங்களுக்குத் தெரியும்' ஆகிய மூன்றிலும் 'தெரியும்' அப்படியே இருக்கிறது. இங்கே மரியாதையை முன்னால் இருக்கும் சொல்லில்தான் காட்ட வேண்டும்.

உனக்குக் காப்பி வேணுமா? → உங்களுக்குக் காப்பி வேணுமா?
உனக்கு இட்லி பிடிக்குமா? → உங்களுக்கு இட்லி பிடிக்குமா?
உன்னால நடக்க முடியுமா? → உங்களால நடக்க முடியுமா?

பேசும்போது இன்னொரு வழியும் உண்டு. கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்து "காப்பி வேணுமாங்க?" என்று கேட்கலாம். இது தமிழ்நாட்டில் கடையிலும் பேருந்திலும், முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு.

அவர் எங்கே?

மூன்றாம் நாள் மதியம் அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: "தாத்தா எங்கடா?"

நான் சத்தமாகச் சொன்னேன்: "தூங்குறான்!"

தாத்தா தூங்கவில்லை. பக்கத்து அறையில் படுத்திருந்தார். "இல்லைடா, முழிச்சிட்டுத்தான் இருக்கேன்!" என்று குரல் வந்தது.

ஒருவரிடம் பேசும்போது மட்டும் அல்ல, ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் வால் மாறும். தம்பி தூங்குறான். தங்கை தூங்குறா. பூனை தூங்குது. தாத்தா தூங்குறாரு. பாட்டி தூங்குறாங்க.

தாத்தாவுக்கு 'தூங்குறாரு', பாட்டிக்கு 'தூங்குறாங்க'. இதைக் கவனித்தீர்களா? தமிழ்நாட்டுப் பேச்சில் 'அவரு' என்றால் பெரும்பாலும் ஓர் ஆண். பெண்ணை மரியாதையாகச் சொல்ல 'அவங்க' என்போம். அவர் ஒருவர்தான் என்றாலும் "டீச்சர் வந்தாங்க" என்போம். எழுதும்போது இந்த வேறுபாடு இல்லை. தாத்தாவும் வந்தார், பாட்டியும் வந்தார். அதனால்தான் இந்தப் பாடத்தில் "அம்மா கேட்டார்" என்று எழுதுகிறேன். வீட்டில் பேசும்போது "அம்மா கேட்டாங்க" என்றுதான் சொல்வேன்.

அன்று மாலை தாத்தாவும் நானும் பிக் கிங் குன்றில் ஏறினோம். உங்களில் சிலர் அங்கே போயிருப்பீர்கள். மாவோரி மொழியில் அந்த எரிமலையின் பெயர் டே டாடுவா-ஆ-ரியுகியுடா. முன்பு அங்கே பெரிய குன்றுகள் மூன்று இருந்தன. அதனால்தான் ஆங்கிலத்தில் 'மூன்று அரசர்கள்' என்று பெயர் வந்தது. பிறகு எரிமலைக் கல்லுக்காக இரண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது நிற்பது ஒன்றுதான்.

தாத்தா மேலே நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இதைக் குன்றுன்னு நினைச்சுச் சொல்லு. அப்புறம் அரசர்னு நினைச்சுச் சொல்லு. பார்க்கலாம்."

நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். குன்று என்றால்: மூன்று குன்றுகள் இருந்தன. இரண்டு போய்விட்டன. ஒன்று இருக்கிறது. அரசர் என்றால்: மூன்று அரசர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் இருக்கிறார்.

அதே குன்று. அதே கதை. வால் மட்டும் மாறியது. அந்த வாலால் ஒரு கல்மேடு அரசராகிவிட்டது.

ஒருவருக்கு ஏன் பலர் சொல்?

இறங்கி வரும்போது நான் தாத்தாவிடம் கேட்டேன். "நீங்க ஒருத்தர்தானே? ஆனா நிறையப் பேர் இருந்தாலும் நீங்கன்னுதானே சொல்றோம்?"

நல்ல கேள்விதான், இல்லையா? உங்கள் பள்ளியில் மாவோரி வணக்கம் சொல்லியிருப்பீர்கள். ஒருவருக்கு 'டேனா கோயெ'. இரண்டு பேருக்கு 'டேனா கோருவா'. மூன்று பேருக்கோ அதற்கு மேலோ 'டேனா கோட்டோ'. அங்கே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம். தமிழில் எண்ணுவதற்கும் மதிப்பதற்கும் ஒரே சொல்தான்: நீங்கள்.

முன்னொரு காலத்தில் தமிழும் எண்ணித்தான் பார்த்தது. 'நீ' என்றால் ஒருவர், 'நீர்' என்றால் பலர். 'அவன்', 'அவள்' என்றால் ஒருவர், 'அவர்' என்றால் பலர். பிறகு ஒரு பெரியவரைப் பலருக்குச் சமமாக வைத்துப் பேசத் தொடங்கினார்கள். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள இலக்கண நூல்களில் மிகப் பழையது தொல்காப்பியம். அதிலேயே இந்தச் செய்தி இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது மக்கள் பேசும் வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கணக் கணக்குப்படி வந்தது அல்ல என்று அது சொல்கிறது. ஆக, அந்தக் காலத்திலேயே மக்கள் மரியாதைக்காகக் கணக்கை மாற்றிவிட்டார்கள்!

'அவர்' ஒருவரைக் குறிக்கத் தொடங்கியதும் பலரைத் தெளிவாகக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றார்கள். பிறகு அந்த 'அவர்கள்' என்பதையும் மரியாதைக்குப் பயன்படுத்தினார்கள். அழைப்பிதழில் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று இருப்பதைப் பாருங்கள்.

ஆங்கிலத்திலும் இது நடந்தது. முன்பு ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யூ'. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று சொல்லத் தொடங்கினார்கள். பிறகு எல்லாரையும் அப்படியே சொன்னதால் 'தௌ' சாதாரணப் பேச்சிலிருந்து மறைந்தது. தமிழில் 'நீ' மறையவில்லை. அதனால்தான் நாம் ஒவ்வொரு முறையும் எதைச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடத்தில் உங்களை நான் 'நீங்கள்' என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் பல பேர் என்பதால். வகுப்பில் உங்களில் ஒருவரிடம் தனியாகப் பேசினால் "நீ எழுதிட்டியா?" என்றுதான் கேட்பேன். பலர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் "நீங்க எல்லாரும்" என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு படி

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பையன் என் நண்பன். அங்கே போனால் அவன் அம்மா என் பெற்றோரை "வாங்கோ, இருங்கோ" என்று வரவேற்பார். "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்பார். எங்கள் 'வாங்க' அங்கே 'வாங்கோ'. எங்கள் 'வந்தீங்க' அங்கே 'வந்தனீங்கள்'.

ஒரு நாள் நண்பனின் அப்பா அவன் அம்மாவைக் கூப்பிட்டார்: "இஞ்ச வாரும்." 'வா' இல்லை, 'வாங்கோ'வும் இல்லை. இது என்ன?

இது 'நீர்' என்ற சொல்லுக்கான வால். நீர் வாரும், நீர் இரும், நீர் சொல்லும். யாழ்ப்பாணத்தில் கணவன் மனைவியும், ஒரே வயதுக்காரர்களும் இப்படிப் பேசுவது உண்டு. 'நீ'யை விட மரியாதை. 'நீங்கள்' அளவுக்குத் தூரம் இல்லை. நடுவில் ஒரு படி. உங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழ் பேசும் நண்பர் இருந்தால், அவர் வீட்டில் யார் யாரை 'நீர்' என்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

தாத்தாவின் ஆசை

இவ்வளவும் கற்றுக்கொண்டதும் நான் ஒரு வாரம் எல்லாரையும் 'நீங்க' என்றேன். பூனையிடம் "கீழ இறங்குங்க" என்றேன். நண்பனிடம் "பந்தைப் போடுங்க" என்றேன். அவன் கோபமாகக் கேட்டான்: "என்னோட சண்டையா?" பழகியவரைத் திடீரென்று 'நீங்க' என்றால், தள்ளி நிற்பதுபோல ஆகிவிடும்.

என் அம்மாவை நான் இன்றும் 'நீ' என்றுதான் சொல்கிறேன். அது மரியாதைக் குறைவு இல்லை, எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அப்பா இருவரையும் 'நீங்க' என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அம்மாவை 'நீ', அப்பாவை 'நீங்க' என்று சொல்லும் வீடுகளும் உண்டு. கோயிலில் கடவுளிடம் "நீதான் காப்பாத்தணும்" என்று வேண்டுகிறார்கள். ஆகவே, 'நீ' சொல்லும் இடமும் உண்டு, 'நீங்க' சொல்லும் இடமும் உண்டு. வீட்டுக்கு வீடு அது மாறும். தெரியாவிட்டால் 'நீங்க' என்று தொடங்குங்கள். பெரியவர்களே போதும் என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அப்படித்தான் எனக்கு நடந்தது. பெரிய தாத்தா தஞ்சாவூருக்குத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவோம். எனக்கு 15 வயது இருக்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லை. நான் கவனமாகப் பேசினேன். "தாத்தா, எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? மருந்து சாப்பிடுறீங்களா?" எல்லா வாலும் சரி.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நல்லாப் பேசுற. ஆனா அன்னைக்குக் கதவைத் திறந்து ஒண்ணு சொன்னியே, அதை ஒரு தடவை சொல்லேன்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் சொன்னேன்.

"வா தாத்தா. உட்காரு."

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. "வரேன்டா," என்றார்.

அவர் மறுபடி நியூசிலாந்து வரவில்லை. போன மாதம் என் மகள் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து, வந்திருந்த ஒரு பாட்டியிடம் "வா பாட்டி!" என்றாள். நான் முகம் சிவக்கவில்லை. பாட்டி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு வாலைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள்.

"பாட்டி, தண்ணி குடிங்க," என்றாள்.

முயன்று பாருங்கள்

1. "இங்க வா. பால் குடி. எங்க போற?" இதை உங்கள் அத்தையிடம் எப்படிச் சொல்வீர்கள்?
2. "நீங்க எப்ப வந்த?" இதில் தலை சரியா? வால் சரியா? திருத்துங்கள்.
3. "தாத்தா, உனக்கு இந்தப் பாட்டு தெரியுமா?" இதில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும்? எந்தச் சொல் மாறாது?
4. "நாய் ஓடுது." நாய்க்குப் பதிலாகத் தம்பி, மாமா, அத்தை என்று மாற்றிச் சொல்லுங்கள்.
5. உங்கள் வீட்டில் யார் யாரை 'நீ' என்கிறார்கள், யார் யாரை 'நீங்க' என்கிறார்கள்? கேட்டு எழுதி வாருங்கள்.